கல்லமேட்டுப் பேருயிரியும் குன்னத்து உருண்டைகளும்: அறிவியல் செய்தித்தொடர்களில் உறுதியின் அளவு

ஆய்வுச் சுருக்கம்

அறிவியல் முடிவொன்றைச் செய்தியாக்கும்போது சான்றின் வலிமைக்கும் தொடரின் உறுதிக்கும் இடையே பொருத்தம் தவறுவது உண்டு. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த புருகத்காயோசாரசு என்னும் தொல்லுயிரி குறித்த செய்தித்தொடரை இக்கட்டுரை பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் உரிய சான்றோடு ஒப்பிட்டுத் திருத்தி எழுதுகிறது. ஐயச்சொற்களைக் கூட்டுவது மட்டுமே திருத்தம் ஆகாது என்பதையும், சில இடங்களில் அவற்றை நீக்குவதே சரியான திருத்தம் என்பதையும் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் 2020இல் எழுந்த 'டைனோசர் முட்டை' செய்தியைக் கொண்டு நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: அறிவியல் இதழியல், ஐயம், தேற்றம், புதைபடிவம், அரியலூர், பெரம்பலூர்

முன்னுரை

அரியலூர், பெரம்பலூர் நிலப்பகுதி கிரீத்தேசியக் காலப் படிவுகளுக்குப் பெயர்பெற்றது. கடல் உள்வாங்கியும் வெளியேறியும் விட்டுச்சென்ற அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இங்கே கிடக்கின்றன. கடல்வாழ் உயிரிகளின் எச்சங்கள் மிகுதியாகவும் நிலவாழ் உயிரிகளின் எச்சங்கள் அரிதாகவும் கிடைப்பதால், டைனோசர் பற்றிய எந்தக் குறிப்பும் உடனே செய்தியாகிவிடுகிறது. அவ்வகைச் செய்திகளின் சாரத்தை ஒரே தொடரில் அடக்கினால் அது இவ்வாறு அமையும்:

"நீலத்திமிங்கிலத்தையும் விஞ்சிய உலகின் மிகப்பெரிய டைனோசர் அரியலூரில் வாழ்ந்தது என்பதை விஞ்ஞானிகள் நிரூபித்துள்ளனர்."

இத்தொடர் பொய் என்று தள்ளத்தக்கதன்று. இதில் உண்மையும் உண்டு. உண்மையைக் கடந்த உறுதியும் உண்டு. இரண்டும் ஒரே வினைமுற்றில் முடிவதே சிக்கல். ஆகவே தொடரை உடைத்துப் பார்ப்பதே திருத்தத்தின் முதற்படி.

தொடருக்குள் இருக்கும் நான்கு கூற்றுகள்

மேற்கண்ட தொடர் நான்கு கூற்றுகளைச் சேர்த்துக் கட்டியது. பெரிய எலும்புகள் கல்லமேட்டில் கிடைத்தன என்பது முதலாவது. அவை குறிப்பிட்டவகை டைனோசருக்கு உரியவை என்பது இரண்டாவது. அவ்விலங்கு இத்தனை டன் எடையுடையது என்பது மூன்றாவது. அதுவே உலகில் மிகப்பெரியது என்பது நான்காவது. ஒவ்வொன்றின் சான்றும் வேறு.

முதற்கூற்று உறுதியானது. யாதகிரியும் அய்யாசாமியும் கல்லமேட்டு அடுக்கிலிருந்து எடுத்த இடுப்பெலும்பு, தொடையெலும்பின் பகுதி, கீழ்க்கால் எலும்பு, முன்கை எலும்பின் துண்டு, வால் முள்ளெலும்பு ஆகியவற்றை 1980களின் இறுதியில் விவரித்து, புருகத்காயோசாரசு மேட்லேயி எனப் பெயரிட்டனர். கீழ்க்கால் எலும்பின் நீளம் 2 மீட்டர் எனப் பதிவானது. அடுக்கின் காலம் மாசுட்ரிக்சியன், அதாவது ஏறத்தாழ 7.2 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. இப்பகுதிக்கு 'கிடைத்தன' என்னும் நேரான வினைமுற்றே போதும்.

இரண்டாம் கூற்றின் வரலாறு சுவையானது. முதலில் இவ்விலங்கு ஊனுண்ணி டைனோசர் எனவே வகைப்படுத்தப்பட்டது. எலும்பின் அளவையும் வடிவத்தையும் கருதிய பிற ஆய்வாளர்கள் பின்னர் இதனை நெடுங்கழுத்துடைய தாவர உண்ணிகளாகிய சாரோபாடுகளுள், குறிப்பாகத் தைத்தானோசார்களுள் சேர்த்தனர். வெளியிடப்பட்ட வரைபடங்கள் போதிய தெளிவற்றிருந்ததால் இவை கல்லான மரத்துண்டுகளாகவும் இருக்கலாமோ என்னும் ஐயம்கூட எழுந்தது. எலும்புகளோ நொறுங்கி அழிந்துவிட்டன. 2022இல் பாலும் அய்யாசாமியும் அதுவரை வெளிவராத பழைய ஒளிப்படங்களை வெளியிட்டபோதுதான் அவை எலும்புகளே, அவற்றின் அமைப்பு சாரோபாடுக்கு ஒத்தது என்னும் கருத்து வலுப்பெற்றது. இன்று இக்கூற்றுக்கு நிற்கும் சான்று, ஒளிப்படமும் பழைய அளவுக்குறிப்பும் மட்டுமே. எனவே 'சாரோபாடு ஆகும்' என்பதைவிட 'சாரோபாடாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி' என்பது சான்றுக்கு நெருங்கியது.

இங்கே தமிழ் இலக்கண மரபு துணைநிற்கிறது. பொருளை ஐயுறும்போது எச்சொல்லை ஆளவேண்டும் என்பதைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் பேசுகிறது. தொலைவில் தோன்றுவது மரக்குற்றியோ மனிதனோ எனத் தெளியாதவன், இரண்டுக்கும் பொருந்தும் 'உரு' என்னும் பொதுச்சொல்லால் அதனைச் சுட்டுவதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். வகை தெளியாத நிலையில் சிறப்புச்சொல்லை ஆளாமல் பொதுச்சொல்லில் நிற்பது, ஐயச்சொல் ஏதும் சேர்க்காமலே ஐயத்தைச் சரியாக உணர்த்தும் வழி. ஊனுண்ணியா தாவர உண்ணியா என்னும் வினா தீராதிருந்த ஆண்டுகளில் 'மிகப்பெரிய ஊர்வன வகை விலங்கு' என்று மட்டும் எழுதியிருந்தால், பின்னர் வகைப்பாடு மாறியபோது அத்தொடர் பிழைபட்டிராது.

எடை என்னும் கணக்கு

மூன்றாம் கூற்றிலேயே உறுதி பெரிதும் மிகைப்படுகிறது. எடை அளந்தறிந்தது அன்று, கணக்கிட்டது. கணக்கின் அடிப்படை எளிது. ஒரே உடல்வடிவம் கொண்ட இரு விலங்குகளில் நீளம் எத்தனை மடங்கோ, எடை அதன் முப்படி மடங்கு. அர்ஜென்டினோசாரசின் கீழ்க்கால் எலும்பு சுமார் 1.55 மீட்டர். கல்லமேட்டு எலும்பு 2 மீட்டர் எனின் நீள விகிதம் 1.29, அதன் முப்படி ஏறத்தாழ 2.15. அர்ஜென்டினோசாரசின் எடையை 70 டன் என எடுத்துக்கொண்டால் கல்லமேட்டு விலங்கு 150 டன் ஆகிறது.

இப்போது எலும்பின் நீளம் 2 மீட்டர் அன்று, 1.9 மீட்டர் எனக் கொள்வோம். நொறுங்கும் நிலையில் களிமண்ணில் கிடந்த எலும்பை அளப்பதில் 10 சென்டிமீட்டர் வேறுபாடு வியப்புக்குரியதன்று. விகிதம் 1.23 ஆகவும் முப்படி 1.84 ஆகவும் குறைய, எடை 129 டன்னுக்கு இறங்குகிறது. ஒரு சாண் அளவுகூட இல்லாத வேறுபாடு, 20 டன்னுக்கு மேல் விழுங்கிவிடுகிறது. இதற்கு மேலும் இரண்டு எடுகோள்கள் உள்ளன: இரு விலங்குகளின் கால், உடல் விகிதம் ஒன்றே என்பது ஒன்று, ஒப்பிடப்படும் விலங்கின் எடை சரியானது என்பது மற்றொன்று. அர்ஜென்டினோசாரசும் முழு எலும்புக்கூடாகக் கிடைத்ததன்று. எலும்பு இப்போது இல்லாமையால் மறு அளவீட்டுக்கும் வழியில்லை.

2023இல் பாலும் லாரமெண்டியும் செய்த மதிப்பீடு 110 முதல் 170 டன் வரை செல்கிறது. இங்குக் குறிப்பிடப்படும் கிரெகரி பால் வேறு, 2022இல் ஒளிப்படங்களை வெளியிட்ட பால் வேறு. இம்மதிப்பீட்டின் இரு எல்லைகளையும் தராமல் மேல் எல்லையை மட்டும் தருவதுதான் செய்தியில் நேரும் தலையாய பிழை. 'ஏறத்தாழ 170 டன்' என்பதில் 'ஏறத்தாழ' இருப்பதால் அது அடக்கமான தொடர்போலத் தோன்றும். ஆனால் அச்சொல் இரண்டு மூன்று டன் வேறுபாட்டை உணர்த்துமே அன்றி 60 டன் வேறுபாட்டை உணர்த்தாது. எண்ணின் விரிவைச் சொல்லாத ஐயச்சொல் வாசகருக்குப் பயன்படுவதில்லை.

நான்காம் கூற்று மூன்றாவதைச் சார்ந்தது. ஆகவே அதைவிட வலிமையானதாக இருக்க இயலாது. மதிப்பீட்டின் கீழ் எல்லையில் இவ்விலங்கு பெருந்திமிங்கிலங்கள் பலவற்றுக்கு இணை. மேல் எல்லையில் பெரும்பாலானவற்றை விஞ்சும். 'விஞ்சியது' என்பதற்குச் சான்று இல்லை. 'இணையாக இருந்திருக்கக்கூடும்' என்பதற்கு உண்டு.

ஐயச்சொல் நிற்கும் இடம்

திருத்த முனைவோர் வழக்கமாகச் செய்வது, தொடரின் இறுதியில் 'எனக் கூறப்படுகிறது' என்று சேர்ப்பது. இது இருவகையில் பிழை. கூறியவர் யார் என்பதை மறைக்கிறது. உறுதியான முதற்கூற்றையும் ஐயத்துக்குரிய நான்காம் கூற்றையும் ஒரே நிழலில் வைக்கிறது. 'கூறப்படுகிறது' என்பது செய்தி வந்த வழியைக் காட்டுமே அன்றிச் சான்றின் வலிமையைக் காட்டாது. ஐயச்சொல், ஐயம் எப்பகுதியில் உள்ளதோ அப்பகுதியை மட்டும் தழுவவேண்டும். ஐயத்தின் காரணமும் உடன் வரவேண்டும். இவ்விரு நெறிகளின்படி தொடர் இவ்வாறு திருந்துகிறது:

"அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் மிகப்பெரிய டைனோசர் எலும்புகள் கிடைத்து 1980களில் விவரிக்கப்பட்டன. அவை நெடுங்கழுத்துத் தாவர உண்ணி ஒன்றுக்கு உரியவையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. அவ்விலங்கின் எடை 110 முதல் 170 டன் வரை இருந்திருக்கலாம் என 2023இல் ஆய்வாளர் இருவர் மதிப்பிட்டுள்ளனர். அது சரியெனின் இது பெருந்திமிங்கிலங்களுக்கு இணையான நிலவிலங்கு ஆகும். எலும்புகள் அழிந்துவிட்டதால் இம்மதிப்பீட்டை மீண்டும் சோதிக்க இயலாது."

'நிரூபித்துள்ளனர்' மறைந்து 'மதிப்பிட்டுள்ளனர்' வந்தது. 'விஞ்ஞானிகள்' என்னும் பொதுப்பன்மை 'ஆய்வாளர் இருவர்' ஆயிற்று. தலைப்புக்கு இடம் குறைவு எனின், 'திமிங்கிலத்துக்கு இணையானதா கல்லமேட்டு டைனோசர்?' என்னும் வினாவைவிட, 'கல்லமேட்டு டைனோசர் 110 டன்னுக்கு மேல்: புதிய மதிப்பீடு' என்பது நேர்மையானது. வினாத்தலைப்பு ஐயத்தை வாசகர் தலையில் ஏற்றிவிட்டு ஒதுங்குகிறது. பின்னது கூற்றின் இயல்பைத் தானே சொல்லிவிடுகிறது.

ஐயம் மிகையாகும் இடம்

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளத்து மண்ணிலிருந்து வெளிப்பட்ட உருண்டை வடிவக் கற்கள் டைனோசர் முட்டைகள் எனப் பரவின. புவியியலாளர் ஆராய்ந்து, அவை அம்மோனைட்டுகளைச் சார்ந்து உருவான படிவுத்திரள்கள் என விளக்கினர். இத்தகைய இடத்தில் 'முட்டை என்று சிலரும் முட்டையன்று என்று சிலரும் கூறுகின்றனர்' என எழுதுவது நடுநிலைபோலத் தோன்றும் பிழை. அம்மோனைட்டு கடலுயிரி, அது உட்கருவாக அமைந்த திரள் கடற்படிவில் உருவாவது. முட்டையாயின் சுண்ணகப் படிகங்களால் ஆன மெல்லிய ஓடும், அதில் நுண்துளைகளும் இருக்கவேண்டும். உடைத்த உருண்டையில் ஓடு இல்லாமல் அம்மோனைட்டு இருந்தால் ஐயத்துக்கு இடமில்லை. 'அவை முட்டைகள் அல்ல' என்பதே சான்றுக்கு ஒத்த தொடர். அங்கே 'இருக்கலாம்' என்பது அடக்கமன்று, பிழை.

இதனால் இந்நிலப்பகுதியில் டைனோசர் முட்டையே இல்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. அரியலூர்ப் பகுதியின் மாசுட்ரிக்சியன் படிவில் கிடைத்த டைனோசர் முட்டை ஒன்றின் ஓட்டு நுண்ணமைப்பைக் கோரிங் உள்ளிட்டோர் 1996இல் விவரித்துள்ளனர். ஓட்டின் குறுக்குவெட்டு ஆராயப்பட்டதால் அங்கே 'முட்டை' என்னும் சொல்லுக்கு அடை தேவையில்லை. வடிவம் ஒன்றையே நம்பிய கூற்று குன்னத்தில் வீழ்ந்தது. நுண்ணமைப்பை நம்பிய கூற்று அரியலூரில் நிற்கிறது.

முடிவுரை

ஒரே நிலப்பகுதியின் மூன்று செய்திகள் மூன்று அளவு உறுதியை வேண்டுகின்றன. அரியலூர் முட்டைக்கு நேரான உடன்பாடும், குன்னத்து உருண்டைக்கு நேரான மறுப்பும், கல்லமேட்டு எடைக்கு எல்லை காட்டிய மதிப்பீடும் உரியன. எல்லாவற்றுக்கும் ஒரே ஐயச்சொல்லை ஆளும் செய்தி, எதனையும் மிகைப்படுத்தாதது போலத் தோன்றினும், எது தெரிந்தது எது தெரியாதது என்பதை வாசகரிடமிருந்து மறைத்துவிடுகிறது. கல்லமேட்டில் அதே விலங்கின் எலும்பு இன்னொன்று கிடைத்து அளக்கப்படும் நாளில், மேலே திருத்திய தொடரின் இறுதி வாக்கியமே முதலில் மாறவேண்டியதாக இருக்கும்.