நாலு வார்த்தை நல்லபடியாக

மாதத்தின் சிறந்த பணியாளர், இருபத்தைந்து ஆண்டு சேவை விருது என்று எந்த நிறுவன விழாவுக்குப் போனாலும் அறிமுகம் ஒன்றுதான். "கடின உழைப்பாளி. நேரம் தவறாதவர். எப்போதும் சிரித்த முகம். நிறுவனத்தைத் தன் குடும்பமாக நினைப்பவர்." பெயரை மாற்றினால் போதும், வாட்ச்மேனுக்கும் ஆகும், கணக்குப்பிள்ளைக்கும் ஆகும். இதைக் குறை சொன்னால் மனிதவளத் துறை நண்பர்கள் ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள். குறிப்பாக எதையாவது புகழ்ந்தால் அடுத்த நாற்காலியில் இருப்பவர் முகம் சுண்டும். "நானும்தானே அன்றைக்கு இருந்தேன்" என்று மறுநாள் வந்து நிற்பார். பொதுவாக நாலு வார்த்தை அன்பாகச் சொல்லி மாலையைப் போட்டுவிட்டால் யாருக்கும் வருத்தமில்லை.

சொல்வதில் உண்மை இருக்கிறது. நாலு வாக்கியத்தில் முடிப்பதும் நல்லதுதான், பிரியாணி ஆறுகிறது. மனைவி மக்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க ஒருவர் பெயர் மைக்கில் ஒலிப்பதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. ஆனால் அந்த நாலு வாக்கியத்தில் அவர் செய்யும் வேலை எங்கேயும் இல்லை. குணம் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, விசுவாசம் இருக்கிறது. அந்த மனிதர் காலையில் வந்து மாலை வரை கையால் என்ன செய்கிறார் என்பது மட்டும் இல்லை.

புளியறைக்காரர்களுக்கு நல்ல அறிமுகம் எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 2024 பிப்ரவரி 25, நள்ளிரவு தாண்டிய நேரம். கேரளத்திலிருந்து ஒட்டுப்பலகை ஏற்றி வந்த லாரி எஸ் வளைவில் கட்டுப்பாடு இழந்து, கீழே போகும் ரயில் பாதையில் விழுந்தது. ஓட்டுநர் இறந்துபோனார். சத்தம் கேட்டு எழுந்த வயதான தம்பதி டார்ச் விளக்கோடு தண்டவாளத்தில் ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். முதல்வர் ஐந்து லட்சம் ரூபாய் வெகுமதி அறிவித்தார். அவர்கள் எந்த நிறுவனத்தின் ஊழியர்களும் அல்ல. ஆனால் அந்த வாரம் டீக்கடையில் அவர்களைப் பற்றிச் சொன்ன யாரும் "தன்னலமற்றவர்கள்" என்று தொடங்கவில்லை. லாரி விழுந்தது, டார்ச்சை எடுத்தார்கள், ஓடினார்கள், ரயில் நின்றது என்றுதான் சொன்னார்கள். கேட்டவர்களே தன்னலமற்றவர்கள் என்று முடிவுகட்டிக்கொண்டார்கள். பெயரடையைப் பேசுகிறவர் கொடுத்தால் அது மரியாதை. கேட்கிறவர் மனதில் தானாக எழுந்தால்தான் பாராட்டு.

செங்கோட்டைப் பக்கம் ஒரு மர அறுவை மில்லின் ஆண்டு விழாவில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். ரம்பத்தைத் தீட்டிப் பொருத்துகிறவருக்கு நீண்டகாலச் சேவை விருது. அறிமுகம் செய்த மேலாளர் அவர் சேர்ந்த தேதியைச் சொன்னார், "இந்த மில்லின் தூண்" என்றார், "அர்ப்பணிப்பு" என்ற சொல்லை மூன்று முறை சொன்னார், சால்வை போர்த்தினார். முடிந்தது.

பேண்ட் சா ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு அங்கே என்ன விட்டுப்போனது என்று தெரியும். அந்த வளையப் பிளேடு இரண்டு பெரிய சக்கரங்களில் இழுபட்டு மணிக்கணக்கில் ஓடுகிறது. சக்கரத்தைச் சுற்றி வரும்போதெல்லாம் அது வளைந்து நிமிர்வதால், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள குழிவில் மயிரிழைபோல விரிசல் விடும். கவனிக்காமல் ஓட்டினால் பிளேடு அறுந்து வீசும். பக்கத்தில் நிற்பவர் கதி அவ்வளவுதான். சாணை பிடிக்கும்போது குழிவைச் சரியாக உருட்டிவிடாமல் கூர்மூலையாக விட்டாலும் அங்கேதான் விரிசல் தொடங்கும். ஆக, தீட்டுகிறவர் கூர் மட்டும் வைக்கவில்லை. ஒவ்வொரு முறை பிளேடைக் கழற்றும்போதும் பல் பல்லாகப் பார்த்து, இது இன்னும் ஓடலாமா என்று தீர்ப்புச் சொல்கிறார். தோட்டத்து மரமென்றால் இன்னொரு தொல்லை. யாரோ எப்போதோ வேலிக்கம்பி கட்ட அடித்த ஆணி பட்டைக்குள் மூடிக்கிடக்கும். பிளேடு அதில் பட்டால் பல் வரிசையாகப் போய்விடும்.

அந்த மேலாளர் இப்படிச் சொல்லியிருக்கலாம்: "இவர் கழற்றி வைக்கச் சொன்ன பிளேடை மறுபடி ஓட்ட இந்த மில்லில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. அவசர ஆர்டர் இருந்தபோது நானே 'ஒரு தடிதானே அண்ணாச்சி, ஓட்டிடுங்க' என்று கேட்டிருக்கிறேன். மாட்டேன் என்றார். இங்கே பிளேடு அறுந்து யாருக்கும் அடிபட்டதில்லை." நடந்தது அதுதானா என்று அவரிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொண்டால் போதும். சால்வையைவிடக் கதகதப்பு இதில் அதிகம். ஒரு பெயரடைகூட இல்லை. பொறாமைக்கும் இடமில்லை, ஏனென்றால் அந்த 'மாட்டேன்' நிஜமென்று அரங்கில் இருக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் தெரியும். பொறாமை வருவது ஆதாரமில்லாத புகழ்ச்சியில்தான். எல்லோருக்கும் பொருந்தும் வாசகத்தைக் கேட்டால், "அப்படியென்றால் எனக்கு ஏன் தரவில்லை" என்ற கேள்வி தானாக வரும்.

மேலாளருக்கு இது தெரியாதா? தெரியாமல் இருப்பதுதான் பெரும்பாலும் நடப்பது. விழாவுக்கு முதல் நாள் அலுவலகத்திலிருந்து சேர்ந்த தேதி, பதவி, குடும்ப விவரம் அடங்கிய ஒரு தாள் வரும். தாளில் இல்லாததை விசாரிக்க அவர் கீழே இறங்கிப் போவதில்லை. பக்கத்து மெஷின்காரரிடமோ அடுத்த ஷிப்டுக்காரரிடமோ "இவர் வராத அன்றைக்கு இங்கே எது கோளாறாகும்?" என்று ஒரே கேள்வி கேட்டால் நாலு வாக்கியமும் கிடைத்துவிடும். கேட்காததால் வரும் வெற்றிடத்தை நிரப்பத்தான் அர்ப்பணிப்பும் தூணும்.

அந்த வெற்றிடத்தில் விழும் வாசகங்களிலேயே எனக்கு ஆகவே ஆகாதது, "இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை" என்பது. இதற்குத்தான் கைதட்டலும் அதிகம். இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் என்று சம்பளத்தோடு விடுப்பு தந்தது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். அந்த உரிமையைத் தொடாமல் விட்டதை மேடையில் புகழ்வது, கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு விடும் எச்சரிக்கை. பாராட்டுவதுபோல மிரட்டுகிறார்கள். விருது பெறுபவரின் மனைவி அந்த இடத்தில் கைதட்டுகிறாரா என்று ஒருமுறை பாருங்கள்.

ஒரு மறுப்பை மட்டும் நான் மதிக்கிறேன்: எல்லா வேலையிலும் சொல்ல ஒரு சம்பவம் இருக்காது. உண்மை. பகவதிபுரம் தாண்டி மலையேறும் பாதையில் தினமும் தன் எல்லையை நடந்து பார்க்கும் கீமேனை எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தியலும் ஸ்பேனரும் சிவப்புக் கொடியும் எடுத்துப்போய், கழன்ற பிடிப்புகளை அடித்து இறுக்கிவிட்டு வருகிறார். அவர் வேலையைச் சரியாகச் செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததைக் கதையாகச் சொல்ல முடியாது. சம்பவம் தேடும் மேடை, விரிசலைக் கண்டுபிடித்தவருக்கு விருது கொடுத்துவிட்டு, விரிசல் விடாமல் பார்த்துக்கொண்டவரை மறந்துவிடும். ஆனால் அப்போதும் வழி பெயரடை அல்ல. எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், மழைக்காலத்தில் எந்த இடத்தில் நின்று மேலே மண்சரிவைப் பார்க்கிறார், கையில் என்ன எடுத்துப்போகிறார் என்று அந்த நடையைச் சொன்னாலே போதும்.

நேரமில்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அதே மில் விழாவில் சிறப்பு விருந்தினரை அறிமுகம் செய்தபோது அவர் எந்த ஊரில் பிறந்தார், எந்தக் கல்லூரியில் என்ன படித்தார், எந்தெந்தப் பதவியில் இருந்து எதையெதைக் கட்டினார் என்று ஒன்று விடாமல், தேதியோடு, குறிப்புப் பார்க்காமல் சொன்னவர் அதே மேலாளர்தான்.