இடக்கையும் வயலின் உருவமும்

புகழ்பெற்ற கலைஞரின் தோற்றத்தையும் இசையையும் மேடையில் அப்படியே நிகழ்த்திக் காட்டுவோரை மேற்கத்திய இசையுலகம் ‘ட்ரிப்யூட்’ கலைஞர்கள் என்று அழைக்கிறது. பீட்டில்ஸ் குழுவுக்கு இத்தகையோர் ஏராளம். 1980இல் தொடங்கிய ‘பூட்லெக் பீட்டில்ஸ்’ அவர்களுள் நன்கு அறியப்பட்டது. நெற்றியில் விழும் முடியும் மேடை விளக்கும் சேர்ந்தால் முகத்தைச் செய்துவிடலாம் என்பதால், மேடைப் படத்தில் பால் மெக்கார்ட்னியைத் தேடுபவர் முகத்தைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும்.

முதலில் உடை. பீட்டில்ஸ் 1966 ஆகஸ்டில் இசைப் பயணங்களை நிறுத்திவிட்டனர். ‘சார்ஜென்ட் பெப்பர்’ இசைத்தட்டின் பளபளக்கும் சீருடைகள் வந்தது 1967இல். ஆகவே அச்சீருடையில் மேடையில் நால்வர் நின்றால் அவர்கள் பெரும்பாலும் நகலர்களே. ‘பெரும்பாலும்’ என்பதற்குக் காரணம், அதே ஆண்டு நவம்பரில் ‘ஹலோ, குட்பை’ பாடலின் விளம்பரப் படத்துக்காக அசல் நால்வரும் லண்டன் சாவில் அரங்கின் மேடையில் அவ்வுடையில் நின்றதுதான்.

அடுத்தது கை. மெக்கார்ட்னி இடக்கைக்காரர், வயலின் உருவம் கொண்ட ஹோஃப்னர் பேஸ் கிதாரின் கழுத்து அவரது வலப்பக்கம் நீளும். நகலர் வலக்கைக்காரராக இருந்தால் இடக்கையால் வாசிக்கப் பழக வேண்டும். அதற்குப் பிடிக்கும் உழைப்பு மரியாதைக்குரியது. ஆனால் படத்தையே இடவலமாகத் திருப்பி அச்சிட்டால் வலக்கைக்காரரும் இடக்கைக்காரராகத் தெரிவார், அசல் மெக்கார்ட்னி வலக்கைக்காரராகிவிடுவார். டிரம்மின் முகப்பிலுள்ள எழுத்து இடவலம் மாறித் தெரிகிறதா, ஆண்களின் கோட்டில் மேலே வரவேண்டிய இடப்பக்க விளிம்பு கீழே போய்விட்டதா என்று பார்த்தால் திருப்பிய படம் பிடிபடும்.

எஞ்சியது வாத்தியத்தின் நெஞ்சுப்பகுதி. கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் சிறு காந்தப் பெட்டிகளான ‘பிக்கப்’புகள், 1961இல் ஹாம்பர்க்கில் அவர் வாங்கிய கிதாரில் இரண்டும் கழுத்தை ஒட்டி நெருங்கியிருக்கும், 1963இல் கிடைத்ததில் ஒன்று கழுத்தருகிலும் மற்றது கம்பிகளைத் தாங்கும் பாலத்தருகிலுமாக விலகியிருக்கும். 1964 முதல் மேடைகளில் அவர் முதன்மையாக வாசித்தது இரண்டாவதைத்தான். எனவே ‘1965’ என்று குறிப்பிட்ட படத்தில் பிக்கப்புகள் நெருங்கியிருந்தால் ஐயம் எழுவது நியாயம். பழையது மாற்றுக் கிதாராக உடனிருந்ததால், அதைக்கொண்டு மட்டும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

இன்னும் நுட்பமானது, விரலும் மீட்டுவானும் கிதாரின் உடலில் உரசாமலிருக்கக் கம்பிகளின் ஓரத்தில் பொருத்தும் முத்துநிறத் தகடு. 1969 ஜனவரி 30 அன்று லண்டனின் மொட்டைமாடிக் கச்சேரியில் மெக்கார்ட்னியின் கிதாரில் அது இல்லை. அந்தக் கச்சேரியை நிகழ்த்திக் காட்டும்போது தகட்டைக் கழற்றிவிட்டு மேடையேறும் நகலர், தம்மைக் கண்டுபிடிக்கும் வழிகளில் ஒன்றைத் தாமே அடைத்துவிடுகிறார். படம் பார்ப்பவர் அவரது காதையோ தாடையையோ நோக்கித் திரும்ப வேண்டியதுதான்.