பார்வையாளர் ஆய்வும் ஆய்வாளரின் நிலையும்

வெகுசனத் தொடர்புச் சாதனங்களின் பார்வையாளரைப் பற்றிய பண்புசார் ஆய்வுகளில், ஆய்வாளர் தம் வர்க்கம், பால், கல்வி, இரசனை முதலியவற்றை முன்னுரையில் அறிவிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. இவ்வறிவிப்பால் ஆய்வுக்கு நேரும் பயன் யாது என்பதே வினா. இதற்கு விடை காண, ஒரு நூலைச் சற்று நெருங்கி நோக்குதல் தகும்.

ஒல்லாந்தில் ஆய்வு நிகழ்த்திய இயென் அங், ‘டல்லாஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் பற்றி 1982இல் டச்சு மொழியில் வெளியிட்ட நூல் 1985இல் ஆங்கிலத்தில் வந்தது. அதன் மூலாதாரம் 42 கடிதங்கள். ‘வீவா’ என்னும் மகளிர் சஞ்சிகையில் அவர் சிறு விளம்பரமொன்றை வெளியிட்டார். தமக்கு அத்தொடர் பிடிக்கும் என்றும், அதைச் சொல்லும்போது பிறர் விநோதமாக நோக்குகின்றனர் என்றும், பிடிக்கும் அல்லது பிடிக்காது என்போர் காரணத்தை எழுதலாம் என்றும், அவை தம் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பயன்படும் என்றும் அதில் கூறியிருந்தார்.

வந்த கடிதங்களில் அவர் கண்ட வேறுபாடு நுட்பமானது. தொடரை வெறுத்தோர் தயக்கமின்றி எழுதினர். விரும்பியோரிற் பலர் தம் விருப்பத்துக்கு நியாயம் கூற முயன்றனர். சிலர் கேலியாகவே பார்ப்பதாகக் கூறித் தப்பிக்கொண்டனர். வெகுசனக் கலை தரங்குறைந்தது என்ற கருத்தியல் விரும்புவோரின் நாவையும் கட்டுகிறது என்பது அவரது முடிவு.

ஆயின், அந்த விளம்பரத்தை மீண்டும் வாசித்தல் வேண்டும். ‘பிறர் விநோதமாக நோக்குகின்றனர்’ என்ற செய்தி, விருப்பம் என்பது விளக்கம் வேண்டும் ஒன்று என்பதை முன்கூட்டியே உணர்த்திவிடுகிறது. ‘பல்கலைக்கழகம்’ என்ற சொல்லோ, கற்றோர் ஒருவரின் முன்னிலையில் எழுதுகிறோம் என்ற உணர்வைத் தருகிறது. எனவே கடிதங்களிற் காணும் தற்காப்புத் தொனியில் எவ்வளவு சமூகத்திலிருந்து வந்தது, எவ்வளவு விளம்பரத்திலிருந்து வந்தது என்று பிரித்தறிதல் அரிது. அங் தம் இருமனநிலையை மறைக்கவில்லை. தாம் இரசிகையும் விமர்சகருமாவதை வெளிப்படையாகவே கூறினார். 42 பேரும் அனைவருக்கும் பிரதிநிதிகள் என்று அவர் உரிமை கோரவுமில்லை. எனினும், தம் நிலையை அறிவிப்பது வேறு. அந்நிலை சான்றுகளை எவ்வாறு உருவாக்கியது என ஆராய்வது வேறு. பின்னையதே தற்பரிசீலனை.

இவ்விரண்டாவது பணியை 1986இல் வலறி வோக்கடைனின் கட்டுரையொன்றிற் காணலாம். உழைப்பாளர் குடும்பமொன்றின் வீட்டில் அவர் இருந்தபோது, தந்தை ‘றொக்கி 2’ படத்தின் குத்துச்சண்டைக் காட்சியை வீடியோவில் மீண்டும் மீண்டும் போட்டுப் பார்த்தார். ஆய்வாளருக்கு முதலில் அருவருப்பே தோன்றியது. பின்னர் அதே படத்தைத் தனிமையிற் பார்த்தபோது, உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்த தம் மனமும் அதில் ஒன்றுவதை அவர் உணர்ந்தார். அதன்பின் அச்சண்டை வெறும் வன்முறை இரசனையாகத் தோன்றாது, ஒடுக்கப்பட்டோர் நிமிர்ந்து நிற்க விழையும் விருப்பமாகத் தோன்றியது. இங்கு மாறியது முன்னுரையன்று, பொருள்கோளே. அதேவேளை ஓர் எல்லையும் உண்டு: ஆய்வாளரின் உணர்ச்சி ஒரு வினாவை எழுப்பலாமேயன்றி, அத்தந்தையின் உணர்ச்சிக்குச் சான்றாகாது.

இவ்வாறு நோக்கின், சஞ்சிகை விளம்பரத்தாற் கடிதம் திரட்டும் ஓர் ஆய்வின் நிலைக்கூற்றுப் பின்வருமாறு அமையலாம்:

“ஆய்வாளர் இத்தொடரை விரும்பிப் பார்ப்பவர், பல்கலைக்கழகத்திற் பயில்பவர். இவ்விரண்டும் முதல் விளம்பரத்திற் குறிக்கப்பட்டன. அதற்கு வந்த கடிதங்களில் விருப்பத்துக்கு மன்னிப்புக் கோரும் தொனி மிகுந்திருந்தது. அத்தொனி விளம்பரத்தால் தூண்டப்பட்டிருக்கலாம் என்பதால், ஆய்வாளரின் விருப்பமோ பிறரின் எதிர்வினையோ கூறாத இரண்டாம் விளம்பரம் வெளியிடப்பட்டது. இரு தொகுதிகளும் தனித்தனியே வாசிக்கப்பட்டன. இரண்டிலும் காணப்பட்ட தற்காப்பே முடிவுக்கு ஆதாரமாகக் கொள்ளப்பட்டது. எழுத விரும்பாதோரின் அனுபவம் இவ்வாய்வுக்குப் புறம்பானது.”

இக்கூற்றில் ஆய்வாளரின் வாழ்க்கை வரலாறு இல்லை. சான்றைத் தொடும் இரு விவரங்களே உள. அவை எதைப் பாதித்தன, அதற்காகச் செய்யப்பட்டது யாது, எஞ்சிய குறை யாது என்பன தொடர்ந்து வருகின்றன. இரண்டாம் விளம்பரமும் தூய்மையான சான்றைத் தந்துவிடாது. முதலாவதை அளக்க ஓர் ஒப்பீட்டையே அது தருகிறது.

நிலைக்கூற்றின் தகுதியை அறிய எளிய வழியொன்றுண்டு. அதனை நீக்கிவிட்டு ஆய்வை வாசித்தல் வேண்டும். பகுப்பாய்வில் ஒரு வாக்கியமேனும் ஆதாரமிழக்கவில்லையெனின், அக்கூற்று வெறும் அணியே. வர்க்கத்தையும் பாலையும் பட்டியலிட்டுவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் ‘பார்வையாளர் கருதுகின்றனர்’ என ஐயமின்றி எழுதும் ஆய்வு, தன் நிலையை அறிவித்ததன் மூலமே அதனை மறந்துவிடுகிறது.