கேக்குக்குள் ஓர் அதிரசம்

வெல்லம் போட்டுச் சுட்ட கேக்கை வெட்டினால், குறுக்குவெட்டிலேயே அதன் கதை முழுக்கத் தெரிந்துவிடும். மேல்தோல் காப்பி நிறத்தைத் தாண்டிக் கறுப்பை எட்டியிருக்கும். அதற்குக் கீழே, பஞ்சுக் கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஊசி முனையளவு துளைகள். இன்னும் கீழே, தட்டின் அடியை ஒட்டி அரை விரல் தடிமனுக்குக் கண்ணே இல்லாத, பளபளப்பான ஈரப் பட்டை ஒன்று. கத்தியில் ஒட்டிக்கொண்டு வருவது அதுதான். பார்த்தவர்கள் "வேகவே இல்லையே" என்பார்கள். பெரும்பாலும் அது வெந்துதான் இருக்கும். இன்னும் பத்து நிமிடம் அடுப்பில் விட்டால் மேலே கருகுமே தவிர, அந்தப் பட்டை போகாது.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கத்துத் தறி வீடுகளில்கூட இப்போது ஓர் அறையில் தறி, இன்னோர் அறையில் ஓவன் என்று இருக்கிறது. பிறந்தநாள் ஆர்டர் கொடுப்பவர்களில் பாதிப்பேர் "சர்க்கரை வேணாம் அக்கா, வெல்லம் போட்டுடுங்க" என்கிறார்கள். ஆரோக்கியம் என்று நினைப்பு. வெல்லத்திலும் முக்கால்வாசி சர்க்கரைதான் என்பதை அவர்களிடம் சொல்லிப் பயனில்லை. நான் வெல்லத்தை விரும்புவது அதன் ருசிக்காக. அந்த ருசியை நம்பி இறங்குகிறவர்களுக்குத்தான் இந்தப் பட்டை புதிராக இருக்கிறது.

வெண்ணெய் கேக்கின் பழைய கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மைதா 200 கிராம், வெண்ணெய் 200, வெள்ளைச் சர்க்கரை 200, முட்டை நான்கு. முதல் வேலை, வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து வெளுக்கும் வரை அடிப்பது. அந்த அடியில் சர்க்கரை செய்யும் வேலை இனிப்புக்குச் சம்பந்தமில்லாதது. கூரான விளிம்புள்ள, ஈரமே இல்லாத படிகங்கள் வெண்ணெய்க்குள் உழுதுகொண்டே போய்க் காற்றைப் புதைக்கின்றன. அப்படிப் புதைந்த காற்றுக் குமிழிகள்தான் கேக்கின் கண்கள். பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழி எதையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் குமிழியை ஊதிப் பெரிதாக்கும், அவ்வளவுதான்.

வெல்லத்தில் இந்த உழவு நடக்காது. துருவிய வெல்லம் மெத்தென்று வெண்ணெயில் அப்பிக்கொள்ளும். பாகாகக் காய்ச்சி ஊற்றினால் உழுவதற்குப் படிகமே கிடையாது. பாகு சூடாக இருந்தால் வெண்ணெயும் உருகி, அதுவரை புதைந்திருந்த காற்றும் வெளியேறிவிடும். கேக் அடர்ந்துபோவது ஓவனுக்குள் நுழைவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஓவனின் மேல் பழி போடுவது வீண்.

அந்த ஈரப் பட்டைக்குக் காரணம் வேறு. நம் வெல்லத்தில் மண்ணும் தூசும் இருக்கும், கரைத்து வடிகட்டாமல் யாரும் போட மாட்டார்கள். 200 கிராம் வெல்லத்தை அரை டம்ளர், அதாவது 100 மில்லி தண்ணீரில் கரைத்து வடிகட்டி அப்படியே மாவில் ஊற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பழைய கணக்கில் நான்கு முட்டையில் சுமார் 150 கிராம் தண்ணீர், வெண்ணெயில் 30 கிராம் சொச்சம், ஆக 180 கிராம். இப்போது வெல்லத் தண்ணீர் 100, வெல்லத்துக்குள்ளேயே இருக்கும் ஈரம் பத்துக் கிராம் போல. மொத்தம் 290-ஐத் தொடுகிறது. மாவு மட்டும் அதே 200 கிராம். தளர்ந்த மாவில் குமிழிகள் மேலே ஏறிவிட, கனமான பகுதி அடியில் தங்குகிறது. அதுதான் அந்தப் பட்டை.

தண்ணீரை அளப்பது எப்படி என்பதை நம் வீடுகளில் யாரும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. தீபாவளியை ஒட்டி வரும் கேதார கௌரி நோன்புக்கு இந்தப் பக்கத்து வீடுகளில் அதிரசம் சுடுவார்கள். பச்சரிசியை ஊறவைத்து வடித்து, நிழலில் உலர்த்தி, பிடித்தால் பிடிபடும் ஈரத்தோடே இடித்துச் சலிப்பார்கள். வெல்லப் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால், கரையாமல் திரண்டு, விரல் நடுவே மெதுவாக உருட்ட வர வேண்டும். அந்தப் பதத்தில் பாகின் சூடு 115 டிகிரியைச் சுற்றி நிற்கும். நூற்றில் 85 பங்கு சர்க்கரை, 15 பங்குதான் தண்ணீர். பதம் முந்தினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து கரைந்துபோகும், பிந்தினால் பல்லுக்குச் சவால். பாகில் மிச்சமிருக்கும் தண்ணீரைத் தராசில்லாமல் விரலால் அளந்தவர்கள் அவர்கள். அதே கை கேக் என்று வந்தால் மட்டும் அரை டம்ளர் தண்ணீரை அளக்காமல் ஊற்றுவதுதான் வேடிக்கை.

கேக்குக்கு உருட்டுப் பதம் ஆகாது, ஆறினால் இறுகி முட்டையோடு கலக்காது. அதற்கு முந்தைய கட்டத்தில் நிறுத்த வேண்டும். தராசு உள்ள வீடாக இருந்தால் இன்னும் சுலபம். காலிப் பாத்திரத்தை முதலில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். 160 கிராம் வெல்லத்தைத் தட்டி, 60 மில்லி தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றி, பாகு மட்டும் 200 கிராம் ஆகும்வரை கொதிக்கவிடுங்கள். இப்போது அதற்குள் இருக்கும் தண்ணீர் ஏறத்தாழ 50 கிராம் என்று உங்களுக்குத் தெரியும். மற்ற திரவங்களில் அதைக் கழித்துக்கொள்ளலாம். பாகு கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் முட்டையைத் தொட வேண்டும். பாயசத்தில் கொதிக்கும் வெல்லத்தோடு பாலை விட்டால் திரிந்துவிடும் என்று எல்லோரும் இறக்கிவைத்து விடுகிறோமே, வெல்லத்தில் இருக்கும் லேசான புளிப்பும் உப்புகளும் செய்யும் வேலை அது. கேக்கிலும் சூடான பாகும் பாலும் சந்திக்கக் கூடாது.

கறுப்பு ஏன் என்று கேட்டால், வெல்லமே பழுப்புதானே என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். பாதிதான் சரி. வெளிர் மஞ்சள் அச்சு வெல்லம் போட்டவர்களின் கேக்கும் கறுக்கத்தான் செய்கிறது. அந்த மஞ்சள் பல நேரம் ஹைட்ரோஸ் போட்டு வெளுத்தது. அந்த வெளுப்பு நிறத்தோடு சரி, உள்ளிருக்கும் சரக்கு மாறுவதில்லை. வெள்ளைச் சர்க்கரை கிட்டத்தட்ட முழுக்கச் சுக்ரோஸ். வெல்லத்திலோ நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்கு அந்தச் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் கிடக்கிறது. கரும்பை வெட்டிப் போட்டு நாள் கடத்தினால் இந்த உடைசல் இன்னும் கூடும். முட்டையிலும் பாலிலும் இருக்கும் புரதத்தோடு சேர்ந்து சிவப்பது இந்த உடைந்த சர்க்கரைகள்தான். சுக்ரோஸ் நேரடியாக அந்த வேலைக்கு வராது. ஃபிரக்டோஸ் தன் பங்குக்கு 110 டிகிரியிலேயே கருக ஆரம்பிக்கும். சுக்ரோஸ் 160 வரை பொறுக்கும். ஆகவே 180 டிகிரிக்கு எழுதப்பட்ட குறிப்பை வெல்லத்துக்கு 160-க்கு இறக்கி, நேரத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. சோடா உப்பு அதிகமானால் கறுப்பு இன்னும் வேகமாக ஏறும், கூடவே சோப்பு வாடையும் வரும்.

பிஸ்கட்டில் இதே உடைந்த சர்க்கரை வேறு விதமாகக் காலை வாருகிறது. நெய் பிஸ்கட் ஓவனிலிருந்து வரும்போது மெதுவாகத்தான் இருக்கும். ஆற ஆற, உருகிய சுக்ரோஸ் மறுபடி இறுகுகிறது. 'மொறுக்' என்பது அந்த இறுக்கத்தின் சத்தம். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இடையில் புகுந்து படிகத்தை வரிசை கட்ட விடுவதில்லை. போதாததற்கு ஃபிரக்டோஸ் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் காஞ்சிபுரத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தெருவில் நீளமாகப் பாவு விரிக்க நெசவாளர்கள் மழை விடும் நேரம் பார்த்துக் காத்திருக்கும் அதே நாட்களில், மளிகைக் கடையில் மண்டை வெல்லம் கசிந்து சாக்கை நனைக்கும். வெல்ல பிஸ்கட் காலையில் சுட்டால் சாயங்காலத்துக்குள் வளையும்.

இதற்கு முழுத் தீர்வு கிடையாது, தணிக்க வழி உண்டு. வெல்லத்தைப் பார்த்து வாங்க வேண்டும். உடைத்தால் முறிவில் மணல் மணலாக மின்னுகிற வெல்லத்தில் சுக்ரோஸ் அதிகம், அது பிஸ்கட்டுக்கு. கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து ஒட்டுவது பொங்கலுக்கு ஆகட்டும். கவுந்தப்பாடிப் பக்கத்து நாட்டுச் சர்க்கரை, அதுவும் பொலபொலவென்று இருப்பது, இன்னும் உத்தமம். அதைப் பரப்பி வெயிலில் நன்றாகக் காயவிட்டுச் சலித்துக்கொண்டால், கரைக்காமலே நெய்யோடு அடிக்கலாம். 150 டிகிரியில் நீளமாகச் சுட்டு, முற்றிலும் ஆறியதும் டின்னில் போட்டு மூடிவிட வேண்டும். வெல்லத்தில் பாதியை வெள்ளைச் சர்க்கரையாக மாற்றினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். வெல்ல பிஸ்கட் என்று பெயர் வைத்தவர்கள் இதை விரும்ப மாட்டார்கள். ருசி மட்டும் பார்க்கிற எனக்கு ஆட்சேபமில்லை.

கேக்கில் மட்டும் நான் அப்படிச் சமரசம் செய்துகொள்ள மாட்டேன். வெல்லத்தைக் கொண்டு வெள்ளைச் சர்க்கரையின் பஞ்சு கேக்கை வரவழைக்கப் பார்ப்பதே வீண் முயற்சி என்பது என் கட்சி. இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயரில் பார்க்கின் என்று ஒன்று சுடுகிறார்கள். ஓட்ஸ் மாவும் கருப்புக் கரும்புப் பாகும் இஞ்சியும் சேர்ந்தது. வெண்ணெயை அடிப்பதே இல்லை, பாகோடு உருக்கிக் கலந்துவிடுகிறார்கள். சுட்ட அன்று தொடாமல் சில நாள் மூடிவைத்து, ஈரம் மேலே வந்து பிசுபிசுத்த பிறகு வெட்டுகிறார்கள். அடர்த்தி, கறுப்பு, ஈரம் மூன்றும் அங்கே லட்சணங்கள். நம் அதிரசத்திலும் அப்படித்தான். சுட்ட அன்றைக்கு விட மறுநாள் அது ருசி, வாரக்கணக்கில் கெடாமல் இருப்பதும் சர்க்கரை தண்ணீரைக் கட்டிப் பிடித்துவைப்பதால்தான்.

ஆகவே முன்பு காய்ச்சிய அந்த 200 கிராம் பாகை இப்படிச் செலவழிக்கலாம். 100 கிராம் வெண்ணெயை உருக்கிப் பாகில் கலந்து, ஆறவிட்டு, இரண்டு முட்டை, 100 கிராம் புளித்த தயிர். 200 கிராம் மைதாவோ, பாதிக்குப் பாதி கோதுமை மாவோ, அதோடு ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் சோடா, சுக்குப் பொடி, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. கலந்தால் போதும், அடிக்கக் கூடாது. கேக்கை எழும்ப வைக்கும் பொறுப்பை இங்கே தயிரும் சோடாவும் ஏற்றுக்கொள்கின்றன. அதனால் கலந்ததும் தாமதிக்காமல் 160 டிகிரி ஓவனுக்குள் போய்விட வேண்டும். முக்கால் மணியை நெருங்கும்போது குச்சி விட்டுப் பாருங்கள். ஓரிரு பொடித் துணுக்கு ஒட்டினால் எடுத்துவிடலாம், மாவு ஒட்டினால் பொறுக்கணும். மேலே கறுக்கிற மாதிரி இருந்தால் அரைமணிக்குப் பிறகு அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள்.

ஆறியதும் வெண்ணெய்க் காகிதத்தில் சுற்றி மறுநாள் வரை வைத்திருந்துதான் வெட்ட வேண்டும். மேலே கிரீம் வேண்டாம். வெல்லக் கேக்கின் மேல்தோல் தானாகவே கசிந்து கிரீமை வழியவிட்டுவிடும். பிறந்தநாள் கேக் என்றால் கிரீம் இல்லாமல் முடியாது என்கிறவர்களிடம் ஆர்டர் வாங்காமல் விடுவது நல்லது.