தண்டனை மாறாத தமிழ்

இந்தியாவில் கல்லூரியில் சேரும் மாணவர் ராகிங்கில் ஈடுபட மாட்டார் என்று அவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் தருவது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறையால் வந்தது. மூல விதி ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைத் தமிழில் தரும்போது சறுக்குகிற இடம் பெரும்பாலும் தண்டனைப் பட்டியல்தான்.

அந்தப் பட்டியலில் சிறிதும் பெரிதுமாக ஒன்பது தண்டனைகள் உள்ளன. வகுப்பிலிருந்து இடைநீக்கம் முதலாவது. கடைசி மூன்று: சேர்க்கையை ரத்து செய்தல், ஒன்று முதல் நான்கு பருவங்கள் வரை கல்லூரியிலிருந்து விலக்கிவைத்தல், கல்லூரியிலிருந்தே வெளியேற்றுதல். வெளியேற்றப்பட்டவர் குறிப்பிட்ட காலத்துக்கு வேறெந்தக் கல்லூரியிலும் சேர முடியாது. விலக்கிவைக்கப்பட்டவருக்கு அந்தத் தடை இல்லை. பருவம் முடிந்தால் திரும்பி வரலாம். இரண்டையும் 'நீக்கம்' என்றே எழுதிவிட்டால் என்ன ஆகும்? இரண்டு பருவத் தண்டனை பெற்ற ஒரு பையனின் வீட்டார் அறிவிப்பைப் படித்துவிட்டு, படிப்பே போயிற்று என்று மாற்றுச் சான்றிதழ் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். ஆகவே காலம், திரும்பும் வாய்ப்பு, பிற கல்லூரித் தடை ஆகிய மூன்றையும் ஒவ்வொரு தண்டனையோடும் விதி சொல்கிறபடி சேர்த்தே எழுத வேண்டும். சொல் நீண்டாலும் பரவாயில்லை.

வினைமுற்றுகளும் தண்டனையைக் கூட்டும், குறைக்கும். குற்றத்தின் தன்மையையும் கடுமையையும் பார்த்து, ஒன்றோ பலவோ தண்டனைகளை ராகிங் தடுப்புக் குழு 'விதிக்கலாம்'. செய்தவர் யாரென்று தெரியாதபோது மட்டும் கூட்டுத் தண்டனையைக் கல்லூரி 'விதிக்க வேண்டும்'. முதல் இடத்தில் 'விதிக்கப்படும்' என்று எழுதிவிட்டால், குழுவுக்கு இருக்கும் விருப்புரிமை காணாமல் போகிறது. மாணவர் தரப்பு வாதம் வைக்க இருக்கும் இடமும் சுருங்குகிறது.

மேல்முறையீட்டில் 'பல்கலைக்கழகத்தை அணுகலாம்' என்பது போதாது. இணைப்புக் கல்லூரியோ உறுப்புக் கல்லூரியோ பிறப்பித்த உத்தரவென்றால் துணைவேந்தரிடம் போக வேண்டும். பல்கலைக்கழகமே பிறப்பித்ததென்றால் வேந்தரிடம். நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த தேசிய முக்கியத்துவ நிறுவனமென்றால் அதன் தலைவர் அல்லது வேந்தரிடம். 'யாருடைய உத்தரவு' என்பதை எழுவாயாக வைக்காத வாக்கியம் மாணவரைத் தவறான மேசைக்கு அனுப்பிவிடும். மேல்முறையீட்டுப் பிரிவு காலக்கெடு எதையும் குறிப்பிடவில்லை. வேறு விதியில் கண்ட 'முப்பது நாட்களுக்குள்' என்பதை வழக்கம் என்று நினைத்து இங்கே நுழைப்பது, திறந்திருக்கும் ஒரு கதவைச் சாத்துவதாகும்.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழ்ப் பிரதியை மட்டும் கொடுத்து, தண்டிக்கப்பட்டவர் எத்தனை பருவம் வெளியே இருப்பார், வேறு கல்லூரியில் சேரலாமா, யாரிடம் மேல்முறையீடு செய்வார் என்று கேட்க வேண்டும். அவர் சொல்லும் பதில் மூலத்தோடு ஒத்துப்போகாத வரியைத் திருத்திய பிறகே கல்லூரிகள் தமிழ் அறிவிப்பைப் பலகையில் ஒட்ட வேண்டும்.