பகத் சிங் தலையில் இருப்பது என்ன தொப்பி?

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் நின்ற ஒரு ஆட்டோவின் பின்கண்ணாடியில் பகத் சிங் ஸ்டிக்கர். மீசை சரி, பார்வை சரி. தொப்பிதான் உறுத்தியது. வழவழன்னு உருண்டையான மண்டை, அதைச் சுற்றி தட்டையாக ஒரு வளையம். பத்தடி தள்ளி ஒரு கடையில், வெயிலுக்காக வெளிநாட்டுக்காரர்கள் வாங்கிப் போகும் பருத்தித் தொப்பிகள் தொங்கின. ஸ்டிக்கரில் இருந்தது ஏறக்குறைய அதேதான். இதைக் குறையாகச் சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

முதலில் தொப்பியை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். இரண்டே கேள்விதான். தலையை மூடும் மண்டைப் பகுதி என்ன வடிவம்? அதைச் சுற்றி விளிம்பு இருக்கா, இருந்தால் எப்படிப் போகுது? விளிம்பே இல்லாமல், மண்டை தட்டை அப்பம் போல ஒருபக்கம் சரிந்தால் அது பெரே. எம்.ஜி.ஆர். தொப்பிக்கும் விளிம்பு கிடையாது, ஆனால் அதன் மண்டை சரியாது, நிமிர்ந்து நிற்கும். முன்னால் மட்டும் சின்ன விறைப்பான மறைப்பு, மண்டைத்துணி அதன்மேல் வந்து படுத்துக்கொண்டால் ஃப்ளாட் கேப். சுற்றிலும் விளிம்பு கீழ்நோக்கிச் சரிந்து, உச்சியில் வட்டத்துண்டு தைத்திருந்தால் பக்கெட். அந்தக் கடையில் தொங்கியவை பெரும்பாலும் இந்த ரகம்தான். மண்டை மணி மாதிரி புருவம் வரை இறங்கி, விளிம்பு பேருக்குத்தான் இருந்தால் க்ளோஷ். அது 1920களில் குட்டைமுடிப் பெண்கள் போட்டது. ஃபெடோரா இவற்றிலிருந்து வேறு. கம்பளி அல்லது ரோமத்தை அழுத்திச் செய்த ஃபெல்ட், மண்டை உச்சியில் நீளவாக்கில் ஒரு மடிப்பு, முன்னால் இரண்டு பக்கமும் விரலால் கிள்ளிய பள்ளம், அடியில் ஒரு நாடா, அகலமான விளிம்பு.

இப்போது அந்த மூலப்படத்தைப் பாருங்கள். 1929 ஏப்ரலில், டெல்லி காஷ்மீரி கேட்டில் ராம்நாத் ஸ்டுடியோவில் எடுத்தது. ஏப்ரல் 8 அன்று மத்திய சட்டசபையில் குண்டு வீசுவதற்குச் சற்று முன்பு. அந்தத் தொப்பி ஃபெடோரா குடும்பத்தைச் சேர்ந்த ஃபெல்ட் தொப்பி. சிலர் ட்ரில்பி என்கிறார்கள். ட்ரில்பி என்றால் விளிம்பு குறுகலாக, முன்னால் தாழ்ந்து பின்னால் நிமிர்ந்திருக்கும். நேர்முகமாக எடுத்த ஒரே படத்தில் பின்விளிம்பு சரியாகத் தெரியாது, அகலமும் கோணத்தால் ஏமாற்றும். அதனால் அந்தச் சண்டையில் நான் இறங்கவில்லை. தொப்பி கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, மண்டை உருண்டையாக இல்லை. இந்த இரண்டும் போதும்.

ஏன் போதும் என்றால், அந்தத் தொப்பி முதலில் அழகுக்காக வந்ததில்லை, வேஷத்துக்காக வந்தது. 1928 டிசம்பர் 17 அன்று லாகூரில் சாண்டர்ஸ் சுடப்பட்டபின் போலீஸ் தேடியது ஒரு சீக்கிய இளைஞரை. பகத் சிங் தாடியையும் முடியையும் எடுத்து, கோட்டும் ஃபெல்ட் தொப்பியும் போட்டு, துர்காவதி தேவியையும் அவர் குழந்தையையும் குடும்பம் போல கூட வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். அன்றைக்கு அந்த வடிவத் தொப்பி ‘துரைத்தனம்’ உள்ளவன் என்று சொல்லும். அப்படிப்பட்டவனைச் சந்தேகப்படப் போலீஸ்காரர் தயங்குவார். மண்டையில் இருந்த கிள்ளலும் மடிப்பும் அந்த நடிப்பின் பகுதி.

ஸ்டிக்கர் வரைந்தவர் இதைத்தான் அழித்துவிட்டார். கோடு குறைய வேண்டும் என்று மடிப்பை நீக்கினார், சாய்வை நேராக்கினார். விளைவு, துரை வேஷத்தில் தப்பிய ஆள் வெயிலுக்குத் தொப்பி போட்ட யாரோ ஆகிவிட்டார். மறுபக்கம், தொப்பியையே எடுத்துவிட்டு மஞ்சள் தலைப்பாகை கட்டிவிடுகிற ஓவியங்களும் உண்டு. நாடாளுமன்ற வளாகத்தில் 2008இல் வைத்த சிலையும் தலைப்பாகையோடுதான் இருக்கிறது, அதைப் பற்றி அப்போதே எதிர்ப்பு வந்தது. அவர் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர், அது உண்மை. ஆனால் தன் கடைசி வருஷங்களில் நாத்திகர் என்று எழுதி வைத்தவரும் அவரே. அந்தக் கட்டுரையை ஜீவா மொழிபெயர்த்து நமக்குத் தந்ததால் தமிழில் படித்தவர்களுக்கு இது புதிதல்ல.

தலைப்பாகை வரைபவர் தெரிந்தே ஒரு முடிவு எடுக்கிறார், அதோடு நாம் வாதாடலாம். ஸ்டிக்கர்காரர் எந்த முடிவும் எடுக்கவில்லை, அவருக்கு எல்லாமே ‘தொப்பி’. சரிசெய்ய அவருக்குத் தேவை மூன்று கோடுதான்: உச்சியில் ஒரு பள்ளம், முன்னால் ஒரு கிள்ளல், விளிம்பில் ஒரு சாய்வு. அடுத்த தடவை ஆட்டோவுக்குப் பின்னால் சிக்னலில் நிற்கும்போது இந்த மூன்றும் இருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள்.