கொம்பும் சுழியும் பத்தடிப் பலகையும்

சின்னக் கடைகளுக்கு லோகோ, பெயர்ப்பலகை, மெனு மூன்றையும் சேர்த்து ஒரே விலையில் செய்து தரும் டிசைனர்கள் இப்போது பல ஊர்களில் இருக்கிறார்கள். பெரும்பாலோர் முதலில் லோகோ வரைந்து, அதைப் பெரிதாக்கிப் பலகையிலும் சிறிதாக்கி மெனுவிலும் ஒட்டிவிடுவார்கள். நான் ரசிக்கும் மதுரைக்காரர் ஒருவர் இதைத் தலைகீழாகச் செய்கிறார். பலகையை முடித்த பிறகுதான் லோகோவைப் பற்றியே பேசுவார். அவர் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு மெஸ். கடையின் பெயர் நமக்கு வேண்டாம். அதில் ஒரு கொம்பும் ஒரு 'ளு'வும் கடைசியில் 'மெஸ்'ஸும் உண்டு என்று தெரிந்தால் போதும்.

கடை முகப்பில் பத்தடி நீளம், மூன்றடி உயரத்துக்குத்தான் இடம். அதற்குள் எவ்வளவு பெரிய எழுத்து போடலாம்? பலகைத் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். எதிர்ச்சாரியில் நிற்பவருக்கு நாலு அங்குல எழுத்தே தாராளம். ஆனால் மெஸ்ஸைத் தேடி வருகிறவர் பைக்கில் வருகிறார். நூறடிக்கு முன்னாலேயே படித்தால்தான் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்ட முடியும். ஆகவே பத்து அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

மூன்றடி என்பது 36 அங்குலம். மேலும் கீழும் மூன்று மூன்று விட்டால் மிச்சம் 30. இங்கேதான் தமிழ் தன் குணத்தைக் காட்டும். 'மீ'யின் சுழி மேலே ஏறும், 'ளு'வின் கால் கீழே இறங்கும். மொத்த உயரத்தில் ஏறக்குறையப் பாதிதான் எழுத்தின் உடம்புக்குக் கிடைக்கும். அப்படிப் பார்த்தால் 15 அங்குலம் வரை போகலாம் போலத் தோன்றும், ஆனால் அகலம் விடாது. கொம்பையும் தனியாக எண்ணினால் இந்தப் பெயருக்கு ஏழு இடம் வேண்டும், ஒவ்வோர் இடமும் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கை நெருங்கும். 120 அங்குல நீளத்தில் ஓரங்களை விட்டால் உடம்பு 11 அங்குலத்தில் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே ஆங்கில வரி. தமிழுக்கு 5 பங்கு என்றால் ஆங்கிலத்துக்கு 3 என்பது இங்கே கடைப் பலகைகளுக்கு உள்ள அரசு விதி. அந்த ஆறரை அங்குலமும் சேர்ந்தால் 30-ம் தீர்ந்துபோகிறது. இட்லி படம் போட இடமே இல்லை.

"என்ன தம்பி, ஒரு இட்லி படம்கூடப் போடலையே?" என்று கடைக்கார அம்மா கேட்டிருக்கிறார்.

"மெஸ்ஸுன்னு எழுதிட்டோம்ல அக்கா, இட்லி இருக்கும்னு தெரியாதா?" என்றாராம் இவர்.

அதே பெயரை ஃபிளெக்ஸ் கடையில் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். எழுத்தை 15 அங்குலத்துக்கு ஏற்றிவிட்டு, இடம் பற்றாமல் இரு பக்கமும் பிடித்து நெருக்குவார்கள். நெருக்கிய எழுத்தைக் கண்டுபிடிப்பது சுலபம்: நிற்கும் கோடுகள் மெலிந்திருக்கும், படுத்த கோடுகள் பழைய தடிமனிலேயே இருக்கும். 'ள'வின் கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புத் திட்டாகிவிடும். நம்மவர் நெருக்குவதில்லை. தேவைப்பட்டால் 'ள'வின் வளைவையே குறுகலாகப் புதிதாக வரைவார், கோட்டின் தடிமனை மாற்றாமல். எனாமல் பெயின்ட் கொண்டு பலகை எழுதிய பழைய ஆர்ட்டிஸ்ட்கள் சாக்பீஸ் தடவிய நூலைச் சுண்டி வரி போட்டுச் செய்தது இதைத்தான். அவர்கள் தூரிகைக்கு எழுத்தை நெருக்கும் வசதியே கிடையாது, எழுத்தெழுத்தாக வரைந்துதான் ஆக வேண்டும்.

புள்ளியிலும் அவருக்கு ஒரு பிடிவாதம். 'ஸ்' மேல் உள்ள புள்ளியை வளையமாகப் போட்டால் கணினித் திரையில் அழகாக இருக்கும், நூறடியில் நடுத்துளை அடைந்து மங்கலாகிவிடும். அதனால் கெட்டியான முழுப் புள்ளி. அதையும் வழக்கத்தைவிடச் சற்று மேலே தூக்கி வைத்திருக்கிறார். புள்ளி காணாமல் போனால் மெஸ் 'மெஸ' ஆகிவிடுமே.

இப்போது லோகோ. தெருவில் வருகிறவர் கடைக்கு நேரெதிரே நின்று பார்ப்பதில்லை, பக்கவாட்டில் வருகிறார். ஆகவே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டடி வட்டப் பலகை ஒன்று தேவைப்பட்டது. அதில் முழுப் பெயரும் அடங்காது. பெரிய பலகையில் ஏற்கெனவே வரைந்து முடித்த 'மெ'யை மட்டும் எடுத்தார். கொம்பின் சுழியும் 'ம'வின் வளைவும் ஒரே தடிமனில் ஓடியதால் வட்டத்துக்குள் இரண்டும் தாமாகவே உட்கார்ந்தன. அதுதான் லோகோ. பார்சல் பையின் மூலையில் அரை அங்குல முத்திரையாகக் குத்தினாலும் சுழியின் துளை அடையவில்லை, ஏனென்றால் நூறடியில் தாக்குப்பிடிப்பதற்காகவே அது அகலமாக வரையப்பட்டது. தொலைவும் சிறுமையும் எழுத்துக்குக் கொடுக்கும் கஷ்டம் ஒன்றுதான். பலகையில் தொடங்குகிறவருக்கு லோகோ பாதி இலவசம் என்று நான் சொல்வது இதனால்தான்.

அச்சுக்குப் போகும் இடத்தில்தான் பல நல்ல டிசைன்கள் சாகின்றன. அச்சகத்துக் கணினியில் பழைய மென்பொருள் இருக்கும், யூனிகோடு எழுத்தைச் சரியாகக் கோக்கத் தெரியாது. கொம்பு 'ம'வுக்கு முன்னால் போகாமல் பின்னால் வந்து, ஒரு புள்ளி வட்டத்தோடு நிற்கும். அவசரத்தில் யாரும் கவனிக்காமல் அப்படியே ஏறிய பலகைகள் உண்டு. இவர் எல்லாவற்றையும் கர்வ்ஸாக மாற்றித்தான் கொடுப்பார். எழுத்து அப்போது எழுத்தாக இராது, வெறும் கோடுகளாகிவிடும், எந்தக் கணினியாலும் கலைக்க முடியாது. நிறத்தையும் வாட்ஸப் படத்தை நம்பி விடுவதில்லை. ஓரடித் துண்டு ஒன்றை அச்சடித்து, வெயிலில் கடை வாசலிலேயே பிடித்துப் பார்ப்பார். அடர்சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து கேட்ட அம்மாவிடம் மறுத்ததற்கும் வெயில்தான் காரணம். ஃபிளெக்ஸில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், நீலம் கடைசிவரை நிற்கும். பழைய பேனர்களில் தலைவர்களெல்லாம் நீலம் பாரித்துச் சிரிப்பது அதனால்தான். கடைசியில் வெள்ளையில் கருநீலம் என்று முடிவாயிற்று. எனக்கு அது கொஞ்சம் மருந்துக்கடை சாயலாகத் தெரிகிறது. இருந்தாலும் எழுத்து எழுத்தாக நிற்கிறது.

இவருக்குப் பெரிய போட்டி மற்ற டிசைனர்கள் அல்ல, குளிர்பானக் கம்பெனிகள் தரும் இலவசப் பலகை. இரு பக்கமும் பாட்டில் நிற்கும், நடுவே கடைப் பெயர் ஒண்டிக் கிடக்கும். காசில்லாமல் பலகை வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்? அதனால்தான் மெனுவையும் தொகுப்பில் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கம்பெனி மெனு எழுதித் தராது.

மெனுவில் அவர் செய்த நல்ல காரியம், விலையை அச்சடிக்காமல் விட்டது. சிலிண்டரோ எண்ணெயோ ஏறினால் விலை மாறும். லேமினேஷன் மேல் ஒட்டிய வெள்ளைத் துண்டுகளில் எண்ணெய் இறங்கி, ஆறு மாதத்தில் அட்டை அசிங்கமாகிவிடும். இவர் சுவரில் ஒரே பலகை வைத்தார். காலை, மதியம், இரவு என்று மூன்று பத்தி. பெயர்கள் அச்சில், விலை மட்டும் சொருகி எடுக்கும் எண் அட்டைகளில். பலகைக்கு மேட் லேமினேஷன்தான், பளபளப்பாக இருந்தால் டியூப்லைட் வெளிச்சம் பட்டுப் பாதி வரி தெரியாது. பரோட்டா இரவுப் பத்தியில் மட்டுமே இருப்பதால், காலையில் வந்து பரோட்டா கேட்கிறவர்களுக்கு வாயால் பதில் சொல்லும் வேலையும் குறைந்திருக்கிறது.

எண் அட்டைகளில் 5-ம் 0-மும் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். நம் ஊர் விலைகள் இந்த இரண்டில்தானே முடியும். ஆனால் 'இன்று ஸ்பெஷல்' என்பதற்கு இடம் வைக்க மறந்துவிட்டார். வெள்ளிக்கிழமை பணியாரத்தை அந்த அம்மா ஒரு காலண்டர் அட்டையின் பின்புறம் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, பலகைக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார்.